சாயப் பட்டறை பில்லில் 4,935 ரூபாய் வித்தியாசம்: கணக்குப் பிரிவுக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். பல வருடமாக எங்கள் துணிக்குச் சாயமேற்றித் தரும் பட்டறையிலிருந்து வந்த கடைசி பில்லில் சுமார் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக இருப்பதாகத் தோன்றுகிறது. போனில் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள், ஒரு வாரமாகப் பதில் இல்லை. மேனேஜர் "டெபிட் நோட் போட்டுக் கழித்துவிடு" என்கிறார். முதலாளி "பழைய ஆட்கள், மனம் நோகக் கூடாது" என்கிறார். எழுத்தில் எப்படிக் கேட்பது? பில், டிசி நகல்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் இணைத்திருந்த நகல்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசம், வரியோடு சேர்த்து, 4,935 ரூபாய். ஆனால் அது ஒரே பிழையால் வந்ததல்ல. பில்லின் இரண்டாவது வரியில் எடையும் மூன்றாவது வரியில் விலையும் உங்கள் ஆர்டரோடு ஒத்துப்போகவில்லை. முதலாவதை அவர்களுடைய தாளைக் கொண்டே காட்டிவிடலாம். இரண்டாவதில் தவறு உங்கள் பக்கமும் இருக்கக்கூடும். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போனில் சொன்னதால்தான் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அங்கிருக்கும் கணக்காளர் எந்த ஃபைலை எடுத்துப் பார்ப்பார்?

இங்கே வரும் பில் எண், லாட் எண், எடை, விலை, தேதி எல்லாவற்றையும் உங்கள் நிறுவனமும் அந்தப் பட்டறையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணக்கின் அமைப்பு மட்டும் உங்களுடையது.

பில் எண் 1187/25-26, நாள் 18-11-2025. மூன்று லாட். முதல் லாட் நேவி, 400 கிலோ, கிலோ 110 ரூபாய், ஆக 44,000. இரண்டாவது லாட் ஸ்கை ப்ளூ, 350 கிலோ, கிலோ 100 ரூபாய், ஆக 35,000. மூன்றாவது லாட் ஆலிவ், 260 கிலோ, கிலோ 110 ரூபாய், ஆக 28,600. கூட்டினால் 1,07,600. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 5,380. மொத்தம் 1,12,980 ரூபாய்.

இப்போது இரண்டாவது வரியைப் பாருங்கள். உங்கள் ஜாப் ஆர்டரில், சாயமேற்றித் திருப்பித் தரும் எடைக்கே கூலி என்று தெளிவாக எழுதியிருக்கிறது. துணி வந்தபோது அவர்கள் போட்ட டெலிவரி சலானில், அதாவது டிசியில், இந்த லாட்டின் எடை 329 கிலோ. பில்லில் உள்ள 350 கிலோ எங்கிருந்து வந்தது? நீங்கள் சாயமேற்றாத கோரா துணியாக அனுப்பியபோது போட்ட டிசியில் இருக்கும் எடை சரியாக 350 கிலோ. மற்ற இரண்டு லாட்டையும் இதே போல ஒப்பிட்டால், முதலாவது 426 கிலோ கோராவாகப் போய் 400 கிலோவாகவும், மூன்றாவது 277 கிலோ போய் 260 கிலோவாகவும் வந்திருக்கின்றன. மூன்றிலும் இழப்பு ஏறக்குறைய ஆறு சதவீதம். முதல், மூன்றாம் வரிகளில் வந்த எடைக்குப் பில் போட்டவர்கள் இரண்டாவது வரியில் மட்டும் அனுப்பிய எடையை எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலான பட்டறைகளில் லாட் கார்டில் கோரா எடையும் ஃபினிஷ் எடையும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும். பில் அடிப்பவரின் கண் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கலாம். 21 கிலோ, கிலோ 100 ரூபாய், ஆக 2,100, வரி 105, சேர்த்து 2,205 ரூபாய். தவறான எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிட முடியும்.

மூன்றாவது வரி வேறு வகை. உங்கள் ஜாப் ஆர்டரில் ஆலிவ் மீடியம் ஷேடு என்று குறித்து, கிலோ 100 ரூபாய் என்று போட்டிருக்கிறது. பில்லில் டார்க் ஷேடு விலையான 110 இருக்கிறது. 260 கிலோவுக்குப் பத்து ரூபாய் வீதம் 2,600, வரி 130, சேர்த்து 2,730 ரூபாய். இதைப் பார்த்தவுடன் விலை தப்பு என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஆலிவ் போன்ற நிறங்கள் மீடியத்துக்கும் டார்க்குக்கும் நடுவில் நிற்பவை. ஆர்டர் போட்ட பிறகு வாங்குபவர், லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துண்டுகளில் கொஞ்சம் ஆழமான நிறத்தைத் தேர்வு செய்திருந்தால், உங்கள் மெர்ச்சண்டைசர் போனிலோ வாட்ஸ்அப்பிலோ "இதையே போடுங்கள்" என்று சொல்லியிருந்தால், சாயம் கூடுதலாகப் போயிருக்கும், விலையும் மாறியிருக்கும், ஆர்டர் தாள் மட்டும் மாறாமல் உங்கள் ஃபைலில் கிடந்திருக்கும். ஆகவே முதலில் உங்கள் மெர்ச்சண்டைசரிடம் போய், ஆலிவ் லாட்டுக்கு ஒப்புதல் கொடுத்த லேப் டிப் அட்டையையும் அதை ஒட்டிய செய்திகளையும் கேளுங்கள். டார்க் விலைக்கு ஒப்புக்கொண்டது எங்காவது எழுத்தில் இருந்தால், இந்த 2,730 ரூபாயைக் கடிதத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். எதுவும் இல்லை என்றால் மட்டும், அதையும் கேள்வியாகக் கேளுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பிரிண்டிங் யூனிட்டின் பில்லில் ஒரு நிறம் கூடுதலாகப் போட்டிருப்பதாகக் கண்டுபிடித்து, உடனடியாகப் பிழையைத் திருத்தித் தரும்படி சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். மறுநாள் அவர்கள் அனுப்பிய பதிலில் எங்கள் அலுவலகத்தின் மெயில் ஒன்று இணைந்திருந்தது. டிசைனில் நான்காவது நிறம் சேர்க்கச் சொன்னது நாங்கள்தான். அதே பில்லில் உண்மையாகவே ஒரு கூட்டல் பிழையும் இருந்தது. ஆனால் அதைப் பேச எனக்கு வாய் எழவில்லை. அது தீர மூன்று மாதம் ஆயிற்று. உறுதியாகத் தெரிந்ததையும் சந்தேகமாக இருப்பதையும் ஒரே வாக்கியத்தில் போட்டால், சந்தேகம் பொய்த்துப்போகும்போது உறுதியானதும் சேர்ந்து விழுந்துவிடுகிறது.

அடுத்து, எந்த எண்களைக் குறிப்பிடுவது. நம்மில் பலர் கடிதம் எழுதும்போது நம்முடைய ஆர்டர் எண்ணையும் நம்முடைய வரவுப் பதிவு எண்ணையும் முதலில் எழுதுகிறோம். அவை நமக்கு வசதியானவை. எதிரில் இருப்பவருக்கு அவற்றால் எதையும் தேட முடியாது. பட்டறையின் கணக்காளர் தன் கணினியில் தேடுவது தன்னுடைய பில் எண்ணையும் லாட் எண்ணையும் தன்னுடைய டெலிவரி டிசி எண்ணையும்தான். எனவே அந்த மூன்றும் முதலில் வரட்டும். உங்கள் கோரா டிசி எண் அடுத்து வரலாம், ஏனென்றால் துணியோடு போன அந்தத் தாள் அவர்களிடமும் இருக்கும். உங்கள் ஜாப் ஆர்டர் எண், விலையும் எடை நிபந்தனையும் அதில் இருப்பதால், கடைசியில் வரட்டும். இ-இன்வாய்ஸின் ஐஆர்என் என்பது 64 எழுத்துகள் கொண்ட நீண்ட வரிசை. அதைக் கையால் அடித்து ஓர் எழுத்து தவறினால் வீண் குழப்பம்தான் மிஞ்சும். பில் எண்ணும் நாளும் போதும், பில் நகலை இணைத்துவிடுங்கள். பில் எண்ணை அதில் உள்ளபடியே, சாய்கோடும் வருடமும் உட்பட, எழுதுங்கள். "1187" என்று மட்டும் எழுதினால் போன வருடத்துப் பில் எண் 1187-ஐ யாராவது எடுத்துவைத்துக்கொண்டு, "இதில் பிழை எதுவும் இல்லையே" என்று பதில் எழுதுவார்கள்.

மெர்ச்சண்டைசரிடம் எதுவும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, கடிதத்தை இப்படி எழுதலாம். மெயிலின் தலைப்பு வரியிலேயே பில் எண்ணும் தொகையும் இருக்க வேண்டும்.

> பொருள்: பில் எண் 1187/25-26, நாள் 18-11-2025 – லாட் 6631, 6632 – ரூ. 4,935 குறித்துச் சரிபார்க்க வேண்டுகோள்
>
> கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். மேற்கண்ட பில்லை (மொத்தம் ரூ. 1,12,980) தங்கள் டெலிவரி டிசி எண் 2904, நாள் 17-11-2025 உடனும், எங்கள் ஜாப் ஆர்டர் எண் 386 உடனும் ஒப்பிட்டபோது இரண்டு வரிகளில் வித்தியாசம் இருப்பதைக் கண்டோம்.
>
> லாட் 6631, ஸ்கை ப்ளூ: பில்லில் எடை 350 கிலோ. தங்கள் டிசி 2904-இல் எடை 329 கிலோ. எங்கள் கோரா டிசி எண் 412-இன் எடை 350 கிலோ என்பதால், கோரா எடை பில்லில் பதிவாகியிருக்கலாம் என்று கருதுகிறோம். வித்தியாசம் 21 கிலோ, ரூ. 100 வீதம் ரூ. 2,100, ஜிஎஸ்டி ரூ. 105, மொத்தம் ரூ. 2,205.
>
> லாட் 6632, ஆலிவ்: பில்லில் விலை கிலோ ரூ. 110. எங்கள் ஜாப் ஆர்டரில் மீடியம் ஷேடு, கிலோ ரூ. 100. ஆர்டருக்குப் பிறகு விலை மாற்றத்துக்கு எங்கள் தரப்பில் ஒப்புதல் தரப்பட்டிருந்தால், அதன் நகலை அனுப்பி உதவவும். அவ்வாறெனில் இந்த வரியை அப்படியே ஏற்றுக்கொள்வோம். இல்லையெனில் வித்தியாசம் 260 கிலோவுக்கு ரூ. 2,600, ஜிஎஸ்டி ரூ. 130, மொத்தம் ரூ. 2,730.
>
> லாட் 6630 சரியாக உள்ளது. வித்தியாசம் இல்லாத தொகையான ரூ. 1,08,045, வழக்கமான தவணை நாளில், இதே பில் எண்ணைக் குறிப்பிட்டுச் செலுத்தப்படும்.
>
> சரிபார்த்து, உரிய தொகைக்கு ஜிஎஸ்டியுடன் கூடிய கிரெடிட் நோட்டை, நவம்பர் மாதக் கணக்கிலேயே வரும்படி, 29-11-2025-க்குள் அனுப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> இணைப்பு: பில், டிசி 2904, கோரா டிசி 412, ஜாப் ஆர்டர் 386.
>
> (பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண்)

இந்தக் கடிதத்தில் உங்கள் முதலாளி கவலைப்படும்படி எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "தாங்கள் தவறாகப் பில் போட்டுள்ளீர்கள்" என்ற வாக்கியம் எங்கும் வரவில்லை. பில்லில் இப்படி, டிசியில் இப்படி என்று இரண்டு தாள்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. பழைய ஆட்களின் மனம் நோவது தொகையைக் கேட்பதால் அல்ல. நேர்மையைச் சந்தேகிப்பது போன்ற தொனியால்தான். "கூடுதலாக வசூலித்துள்ளீர்கள்", "இது போலத் தொடர்ந்து நடக்கிறது" போன்ற சொற்கள் பில் அடிக்கும் ஊழியரைத் தாண்டி அவர்களுடைய முதலாளிக்குப் போய், அங்கிருந்து உங்கள் முதலாளிக்குப் போனாக வரும். சரியாக இருக்கும் லாட்டையும் ஒரு வரியில் சொல்லியிருப்பதற்குக் காரணம், பில் முழுவதையும் நீங்கள் சந்தேகிக்கவில்லை என்பது அதில் தெரிய வேண்டும் என்பதே.

இனி உங்கள் மேனேஜர் சொன்ன டெபிட் நோட். நம் ஊரில் இது நெடுநாள் பழக்கம் என்பதை அறிவேன். தரக்குறைவுக்கும் தாமதத்துக்கும் எடைக் குறைவுக்கும் வாங்குபவர் தானே ஒரு டெபிட் நோட் அடித்து அனுப்பிவிட்டுத் தொகையைப் பிடித்துக்கொள்வார். உங்கள் புத்தகத்தில் அது ஒரு பதிவுதான். ஆனால் ஜிஎஸ்டி சட்டத்தைப் பொறுத்தவரை, பில்லில் வரி விதித்தவர் எவரோ அவர்தான் அந்த வரியைக் குறைக்க முடியும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பில்லில் மதிப்போ வரியோ கூடுதலாகப் போய்விட்டால் வழங்கியவர் கிரெடிட் நோட் தரலாம் என்கிறது. நீங்கள் அடிக்கும் டெபிட் நோட்டால் அவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய 5,380 ரூபாய் ஒரு பைசாவும் குறையாது. உங்களிடமிருந்து வராத 235 ரூபாய் வரியை அவர்கள் கையிலிருந்து கட்டுவார்கள். உங்கள் பக்கத்திலோ உள்ளீட்டு வரி வரவு 5,380 என்றே நிற்கும். எனவே முதலில் எழுதிக் கேட்டு, அவர்கள் கிரெடிட் நோட் போட்ட பிறகு, அதன் எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் புத்தகத்தில் பதிவைப் போடுங்கள். மேனேஜரிடம் இதை வரியின் கோணத்தில் சொன்னால் ஒப்புக்கொள்வார்.

"பில்லையே கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தாருங்கள்" என்று கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். நகலில் க்யூஆர் கட்டம் இருப்பதால் இது இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இது கட்டாயம். இ-இன்வாய்ஸைப் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். ஒரு வரியை மட்டும் ரத்து செய்யவோ திருத்தவோ அங்கே வழியில்லை. அந்த நேரம் என்றோ கடந்துவிட்டது. ஆக, கிரெடிட் நோட்தான் வழி. வழியில் இருக்கும்போதே பில்லின் நகல் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் பட்டறைகள் உண்டு. அப்படி வரும் நாளிலேயே டிசியோடு ஒப்பிடும் வழக்கம் இருந்தால், இந்த 24 மணி நேரம் உண்மையாகவே பயன்படும்.

கடிதத்தில் நவம்பர் 29 என்று கெடு வைத்ததும் இதனால்தான். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் என்றால், அவர்களுடைய நவம்பர் மாத விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 டிசம்பர் 11-க்குள் போக வேண்டும். உங்கள் வரி வரவுப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி டிசம்பர் 14 அன்று உருவாகும். கிரெடிட் நோட் நவம்பர் தேதியில் இருந்தால் பில்லும் அதுவும் ஒரே மாதத்தில் வந்து, உங்களுக்கு நிகர வரவு 5,145 ரூபாய் என்று சுத்தமாக முடிந்துவிடும். தாமதமானால் தொலைந்துவிடாது; 2025-26-ஆம் ஆண்டின் பில்லுக்கு, அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அதாவது 30-11-2026 வரை, ஆண்டறிக்கை அதற்கு முன்பே தாக்கலாகாதிருந்தால், கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டலாம். ஆனால் மாதங்கள் கடக்கக் கடக்க, லாட் 6631 என்ன நிறம் என்பதுகூட யாருக்கும் நினைவிருக்காது.

வந்த பில்களை ஏற்கவோ மறுக்கவோ ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கும் ஐஎம்எஸ் பக்கத்தில் இந்தப் பில் வரும்போது, வித்தியாசம் இருக்கிறது என்பதற்காக "Reject" அழுத்திவிடாதீர்கள். 4,935 ரூபாய்ச் சிக்கலுக்காக 5,380 ரூபாய் வரி வரவு முழுவதும் உங்கள் 2பி-யிலிருந்து விலகிவிடும்; எதிர்ப்பக்கத்தில் அது சண்டைக்கான அறிவிப்பாகவே படும். பில்லை ஏற்றுக்கொள்ளுங்கள். கிரெடிட் நோட் வந்தவுடன் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் 235 ரூபாய் வரவைக் குறைத்துக்கொண்டால்தான் அவர்களும் தங்கள் வரியைக் குறைத்துக்கொள்ள முடியும்.

கிரெடிட் நோட் வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள். அதில் மூலப் பில்லின் எண் 1187/25-26-உம் நாளும் இருக்க வேண்டும். வரிக்கு முந்தைய மதிப்பு 4,700 என்றிருக்க வேண்டும். வரி, மத்தியம் 117.50, மாநிலம் 117.50 என்று பிரிந்திருக்க வேண்டும். அவர்கள் இ-இன்வாய்ஸ் வரம்புக்குள் இருப்பதால் இதற்கும் தனி ஐஆர்என்னும் க்யூஆர் கட்டமும் இருக்க வேண்டும். பலமுறை நான் பார்த்த பிழை, 4,935-ஐ வரிக்கு முந்தைய மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் மறுபடியும் 5 சதவீதம் போடுவது. உங்களுக்குச் சாதகமான பிழை என்றாலும் அன்றைக்கே சொல்லித் திருத்திவிடுங்கள். ஆலிவ் விலைக்கு அவர்கள் ஒப்புதல் நகலைக் காட்டிவிட்டால், கிரெடிட் நோட் 2,100 மதிப்புக்கும் 105 வரிக்கும் மட்டும் வரும். நிறுத்திவைத்த 2,730 ரூபாயை, சொன்ன சொல்படி, அடுத்த நாளே அனுப்பிவிட வேண்டும்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. 4,935 ரூபாய்க்காக ஒரு லட்சத்துச் சொச்சத்தை நிறுத்திவைப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பில்லில் உத்யம் எண் இருக்கிறதா, அவர்கள் குறு அல்லது சிறு நிறுவனமா என்று பாருங்கள். அப்படியெனில் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தவணை நீள முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். வருட முடிவில் கெடு கடந்து நிற்கும் தொகையை வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. துணி வந்தது நவம்பர் 17. ஒப்பந்தப்படி 45 நாள் என்றால் ஜனவரி 1. எம்எஸ்எம்இ சட்டம், பொருளையோ சேவையையோ ஏற்பதில் ஆட்சேபணை இருந்தால் அதை வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. போனில் சொன்னது இதற்குக் கணக்கில் வராது. விலை, எடை பற்றிய உங்கள் கேள்வி அந்த வகையில் சேருமா என்பதே வாதத்துக்கு உரியது. எனவே அதை நம்பிப் பணத்தை நிறுத்தாமல், டிசம்பர் 2-க்குள் கடிதம் போய்ச் சேரும்படியும், 1,08,045 ரூபாய் தவணை நாளில் போய்ச் சேரும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்தை அனுப்பும்போது டாலியில் "ஆன் அக்கவுண்ட்" என்று போட்டுவிடாதீர்கள். பில் எண் 1187/25-26-க்கு எதிராகவே பதிவு செய்து, 4,935 ரூபாய் அந்தப் பில்லின் பெயரிலேயே பாக்கியாக நிற்கட்டும். வங்கி வழியாக அனுப்பியபின், எந்தப் பில்லுக்கு எவ்வளவு, எவ்வளவு நிறுத்தப்பட்டது, எந்தத் தேதியிட்ட கடிதத்தின்படி என்ற மூன்றையும் ஒரு வரி மெயிலாக அனுப்புங்கள். இது இல்லாவிட்டால் அவர்கள் வந்த தொகையை மிகப் பழைய பாக்கியில் வரவு வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து லெட்ஜர் ஒப்பிடும்போது 4,935 என்ற எண்ணே எங்கும் தென்படாமல், வேறு ஏதோ ஒரு பில்லில் ஏதோ ஒரு தொகை பாக்கி என்று நிற்கும். பில் தேதியிலிருந்து 180 நாள் கடந்தும் கிரெடிட் நோட் வராமல் அந்தத் தொகை கொடுக்கப்படாமலே இருந்தால், அதற்குரிய வரி வரவை நீங்கள் திருப்ப வேண்டிவரும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இந்தப் பில்லுக்கு அந்த நாள் மே மாத நடுவில் வருகிறது.

பதில் வராவிட்டால், மூன்று வேலை நாள் கழித்து அதே மெயிலுக்குப் பதிலாகவே நினைவூட்டல் அனுப்புங்கள். புது மெயில் தொடங்கினால் இணைப்புகள் பின்தங்கிவிடும். அன்றைக்கே போனும் செய்யுங்கள். இந்த முறை, "லாட் 6631, உங்கள் டிசி 2904, அதில் 329 கிலோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் அண்ணா" என்று ஒரே ஒரு தாளை எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தாளை எடுத்தவர் மற்ற வரியையும் பார்த்துவிடுவார். பேசி முடித்தவுடன், யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார் என்பதை அதே மெயில் தொடரில் இரண்டு வரியாக எழுதி அனுப்பிவிடுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மட்டும், உங்கள் முதலாளியின் அனுமதியோடு, அவர்களுடைய நிர்வாகியைப் பிரதியில் சேர்த்து மூன்றாவது மெயிலை அனுப்பலாம்; முதல் மெயிலிலேயே அவரைச் சேர்க்க வேண்டாம்.

மெர்ச்சண்டைசரிடம் லேப் டிப் அட்டையைப் பார்க்கும் வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டிய தொகை 4,935-ஆ, 2,205-ஆ என்பது அந்த அட்டையில்தான் இருக்கிறது.